நான்கு சான்றுகளும் ஒரு வரைபடமும்

தனியார் பள்ளி நடத்துகிறவர்களிடம் “நாலு சர்டிபிகேட் ரெடியா?” என்று கேட்டால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, தாசில்தார் வழங்கும் பொதுக் கட்டட உரிமம் ஆகிய நான்கும்தான் அவை. கடைசியாகச் சொன்னதைப் ‘படிவம் டி’ என்றே எல்லோரும் சொல்வார்கள். இவை இல்லாமல் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அங்கீகாரப் புதுப்பிப்பு நகராது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை.

இந்த அத்தியாயம் பள்ளிக்கு மட்டுமானது. அதிலும் தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் வட்டாரத்தில் ஒரு மழலையர் தொடக்கப் பள்ளி நான்கு சான்றுகளையும் எந்த வரிசையில், எந்த மாதத்தில், எந்தக் காகிதத்தோடு பெறுவது என்பதைப் பற்றியது.

ஆய்வு எங்கே சறுக்குகிறது

பெரும்பாலான தாளாளர்கள் ஆய்வுக்கு முன்னால் கோப்பைத் திருத்துவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். சறுக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கோப்பில் உள்ள வரைபடம் ஒன்று, தரையில் நிற்கும் கட்டடம் வேறொன்று. அனுமதி வாங்கும்போது எட்டு வகுப்பறை காட்டப்பட்டிருக்கும். பிறகு பின்பக்கம் தகரக் கூரையில் ஓர் அறை, கிணற்றோரம் ஒரு கழிப்பறை வரிசை, வாசலில் சைக்கிள் நிறுத்த ஒரு ஷெட் என்று ஒவ்வொன்றாக முளைத்திருக்கும். எந்தச் சான்றிலும் அவை இருக்காது. குழந்தைகள் மட்டும் தினமும் அங்கே போய்வருவார்கள்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாஃப்டர் மேல்நிலைப் பள்ளியில் இடிந்து விழுந்தது வகுப்பறை இல்லை, கழிப்பறையின் முன்சுவர். இடைவேளையில் அங்கே நின்ற மாணவர்களில் 3 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க உத்தரவு வந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 2019 நவம்பர் 22 வரை, தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு இது வெளியூர்ச் செய்தி இல்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்ததும் இதே வகைதான். சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்புகளின் மேல் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கிவர அகலமான வழி இல்லை. அந்த விபத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கட்டடம் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகே ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் தரவேண்டும், தீயணைப்புக் கருவி இருக்கவேண்டும், அதை இயக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்றது. இன்று ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான்.

ஆகவே முதல் வேலை ஆய்வாளரைக் கூப்பிடுவது இல்லை. கையில் அளவு நாடாவோடு ஒரு பொறியாளரை வரவழைத்து, இன்று இருப்பதை இருக்கிறபடியே வரைந்து தரச் சொல்லுங்கள். இதை ‘உள்ளபடி வரைபடம்’ என்று வைத்துக்கொள்வோம். அதையும் அனுமதி பெற்ற பழைய வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தாலே உங்கள் பள்ளியின் பாதிக் குறைகள் தெரிந்துவிடும்.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக மேலகரத்தில் ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். தரைத்தளம், மேல்தளம் இரண்டிலும் தலா நான்கு வகுப்பறைகள். ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு 6 மீட்டர். முன்னால் 24 மீட்டர் நீளத் தாழ்வாரம். இரண்டு மாடிப்படிகள். பின்னால் தகரக் கூரை அறை ஒன்றில் எல்.கே.ஜி. நடக்கிறது. கழிப்பறை வரிசை தனியாக நிற்கிறது. மாடியில் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அங்கீகாரம் மே மாத இறுதியில் முடிகிறது.

இந்தப் பள்ளி வேலையைத் தொடங்கவேண்டிய மாதம் நவம்பர்.

காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் கூரை எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று தெரியும். மார்ச்சில் வரும் பொறியாளருக்குச் சுவர் காய்ந்து நல்ல முகம் காட்டும். அதனால் நவம்பரில் ஒவ்வொரு அறையிலும் ஒழுகலையும் ஓதத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்துவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் மராமத்து. மார்ச்சில் கட்டட உறுதிச் சான்று. ஏப்ரலில் தீயணைப்பும் சுகாதாரமும். மே முதல் வாரத்தில் தாசில்தார் அலுவலகம். பல பள்ளிகள் மே கடைசியில்தான் ஓடத் தொடங்குகின்றன. ஜூன் பிறந்துவிட்டால் சாரல் தொடங்கிவிடும், மேல்தளத்தில் சிமெண்ட் வேலை நடக்காது. சீசன் கூட்டத்தில் வருவாய்த் துறை, தீயணைப்பு, சுகாதாரம், காவல் என்று எல்லாத் துறையினருக்கும் அருவிப் பக்கம் கூடுதல் வேலை இருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தபோது சீசன்கூடத் தொடங்கியிருக்கவில்லை. இந்த ஊரில் மே மாதத்தையே முழுதாக நம்பிவிடக் கூடாது.

கட்டட உறுதிச் சான்று

இதைத் தருபவர் 1965ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம் வழங்கல்) சட்டத்தின்படி அங்கீகாரம் உள்ள பொறியாளராக இருக்கவேண்டும். வீடு கட்டிக்கொடுத்த மேஸ்திரியோ, படம் வரைந்து தரும் யாரோ ஒருவரோ கையெழுத்துப் போட்டால் தாசில்தார் அலுவலகத்தில் திரும்பி வந்துவிடும். பொறியாளரின் அங்கீகார எண்ணும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் சான்றிலேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பொறியாளர் வரும் நாளில் வெள்ளையடித்து வைக்காதீர்கள். புதுச் சுண்ணாம்பு விரிசலை மறைக்கும், அவ்வளவுதான். நல்ல பொறியாளர் அதைச் சுரண்டித்தான் பார்ப்பார். அவர் பார்ப்பதில் முக்கியமானவை இவை. மேல்தளக் கான்கிரீட்டின் அடிப்பக்கம் காரை உப்பியிருக்கிறதா? சிறு சுத்தியலால் தட்டினால் உள்ளே பொத்தலாக இருக்கும் இடம் வேறு சத்தம் கொடுக்கும். அங்கே கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துரு நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை ஓடினால் அது கம்பி போகும் வழி. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். அந்த விரிசலின் குறுக்கே சிமெண்ட் பால் ஒரு பட்டை பூசித் தேதி எழுதி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், பட்டையும் வெடித்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. இதை டிசம்பரிலேயே நீங்கள் செய்து வைத்திருந்தால் பொறியாளருக்கு அது பெரிய உதவி.

குற்றாலத்தை ஒட்டிய ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கம்பித் துரு சீக்கிரம் பிடிக்கும். மேல்தளத் தண்ணீர் வடியும் குழாயில் இலை அடைத்து நாள்கணக்கில் தண்ணீர் நிற்பதே பல கூரைகளைக் கெடுக்கிறது. மராமத்தில் முதலில் அந்த வடிகுழாயைச் சரிசெய்யுங்கள். பூச்சு வேலை அதற்குப் பிறகு.

இப்போது நமது மேலகரப் பள்ளிக்கு வருவோம். பொறியாளரிடம் சான்று கேட்கும் கடிதத்தில் ‘பள்ளிக் கட்டடம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதினால் அவர் பிரதானக் கட்டடத்துக்கு மட்டும் தந்துவிட்டுப் போய்விடுவார். கடிதத்தில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: இரண்டு தளப் பிரதானக் கட்டடம், கழிப்பறை வரிசையும் அதன் மறைப்புச் சுவரும், மாடித் தண்ணீர்த் தொட்டியும் அதைத் தாங்கும் மேடையும், காம்பவுண்டு சுவர், வாசல் வளைவு. சான்றிலும் இதே வரிசையில் இவை வரவேண்டும். உள்ளபடி வரைபடத்தில் இதே எண்களைப் போட்டுவிட்டால், பிறகு வரும் மூன்று அலுவலர்களும் எதைப் பற்றிப் பேசினாலும் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

எல்.கே.ஜி. நடக்கும் தகர அறையை என்ன செய்வது? அனுமதி வரைபடத்தில் அது இல்லை. அதை உறுதிச் சான்றில் சேர்க்க முயலாதீர்கள். குழந்தைகளை அங்கிருந்து எடுத்துப் பிரதானக் கட்டடத்துக்குள் கொண்டுவாருங்கள். இடம் போதாவிட்டால் சேர்க்கையைக் குறைக்கத்தான் வேண்டும். அந்த அறை நிலைக்கவேண்டுமென்றால் உள்ளாட்சி அமைப்பிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் தனியாக அனுமதி கேட்டு, முறையான கூரையோடு கட்டவேண்டும். அது மாதக்கணக்கில் ஆகும் வேலை. புதுப்பிப்பை அதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் இரண்டும் நிற்கும்.

தீயணைப்பு அலுவலர் பார்ப்பது

தீயணைப்புத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது வரைபடம், உறுதிச் சான்று, கருவிகள் வாங்கிய அல்லது மறுநிரப்பிய பில், முந்தைய ஆண்டுச் சான்று ஆகியவை வேண்டும். இந்தச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியது. மற்றவற்றுக்கும் சான்றிலேயே முடியும் தேதி அச்சாகியிருக்கும். நான்கு தேதிகளையும் பெரிய எழுத்தில் எழுதித் தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கருவி எத்தனை வைத்திருக்கிறோம் என்பதைவிட எங்கே வைத்திருக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. சாதாரணத் தீக்கான கருவியை எட்ட யாரும் 15 மீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2190 சொல்வது. நமது பள்ளியில் 24 மீட்டர்த் தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவில் உள்ள வகுப்பின் கதவிலிருந்து முனைக்கு 12 மீட்டர். அந்த அறையின் எதிர் மூலையிலிருந்து கதவுக்கு எட்டரை மீட்டர். மொத்தம் இருபதரை. அதே இரண்டு கருவிகளை முனையிலிருந்து 6 மீட்டர் உள்ளே தள்ளி மாட்டுங்கள். இப்போது எந்தக் கதவிலிருந்தும் 6 மீட்டருக்கு மேல் போகாது. அறை மூலையையும் சேர்த்தால் பதினான்கரை. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இரண்டு தளத்துக்கும் சேர்த்து நான்கு ஏ.பி.சி. பவுடர் கருவிகள், மின்பலகைக்கு அருகில் ஒரு கார்பன் டை ஆக்சைடு கருவி. ஒவ்வொரு வகுப்பின் கடைசி மூலையிலிருந்தும் நாடா பிடித்து அளந்து, தூரத்தை வரைபடத்தில் எழுதிவிடுங்கள். அலுவலர் கேட்கும் முன்னே பதில் தாளில் இருக்கும்.

ஒவ்வொரு கருவியையும் கிட்டத்தில் பார்க்கும் முறை இது. பவுடர் கருவியின் மேலே உள்ள அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கவேண்டும். சிவப்பில் இருந்தால் அது வெறும் உருளை. பாதுகாப்பு ஊசி இருக்கவேண்டும், அதைக் கட்டிய சீல் அறுபடாமல் இருக்கவேண்டும். குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கக் கூடாது. இந்த ஊரில் அது அடிக்கடி நடப்பது. கழுத்தில் தொங்கும் அட்டையில் நிரப்பிய நாளும் அடுத்து நிரப்பவேண்டிய நாளும் தெளிவாகத் தெரியவேண்டும். பவுடர் உருளையை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்பவேண்டும். அந்தச் சோதனைத் தேதி பெரும்பாலும் உருளையிலேயே பொறித்திருக்கும். நிரப்பும் கடைக்காரர் இதைச் செய்யாமலே அட்டையை மட்டும் மாற்றித் தருவதுண்டு. பில்லில் ‘அழுத்தச் சோதனை’ என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுவலர் ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, “இதை எப்படிப் பயன்படுத்துவீங்க, காட்டுங்கம்மா” என்று கேட்பது வழக்கம். கோப்பைவிட இந்த ஒரு நிமிடத்துக்கு எடை அதிகம். ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீசவேண்டும். கருவி அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும் என்பதையும் ஆசிரியர்களுக்குச் சொல்லி வைக்கவேண்டும். தீ பெரிதாகிவிட்டால் கருவியைத் தேடாமல் குழந்தைகளை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112க்கு அழைப்பதே அவர்கள் வேலை. வெளியேறும் ஒத்திகையை வருடத்தில் இரண்டு முறை நடத்தி, தேதி, ஆன நேரம், எங்கே நெரிசல் ஆனது என்று எழுதி வையுங்கள். நெரிசலே ஆகவில்லை என்று எழுதப்பட்ட பதிவேட்டை அனுபவமுள்ள அலுவலர் நம்ப மாட்டார்.

அடுத்து படிகள். தேசியக் கட்டட விதிமுறை பள்ளிக்குக் கேட்கும் படி அகலம் ஒன்றரை மீட்டர். கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே அளந்து பாருங்கள். நமது பள்ளியின் இரண்டாவது படிக்கட்டுக்கு மடக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், அடியில் பழைய பெஞ்சுகளைக் குவித்திருக்கிறார்கள். திருட்டுப் பயத்தில் செய்ததுதான். ஆனால் வகுப்பு நேரத்தில் பூட்டிய படி, இல்லாத படி. பள்ளி நேரம் முழுக்க அந்தப் பூட்டு திறந்திருக்கவேண்டும், காலையில் திறப்பது யார் பொறுப்பு என்று எழுதி வைக்கவேண்டும். பெஞ்சுகளைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

மின்பலகையில் கசிவு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி இருக்கும். எலக்ட்ரீஷியன்கள் ‘ஈ.எல்.சி.பி.’ என்பார்கள். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ‘டக்’கென்று மின்சாரம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அது பெயருக்கு இருக்கிறது. சாரல் மாதங்களில் சுவர் ஈரமாக இருக்கும் ஊரில் மாதம் ஒருமுறை இதை அழுத்திப் பார்க்கவேண்டும்.

சுகாதார ஆய்வாளர்

முதலில் உங்கள் பள்ளி யார் எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். தென்காசி நகராட்சிக்குள் என்றால் நகராட்சியின் சுகாதாரப் பிரிவு. மேலகரமும் இலஞ்சியும் குற்றாலமும் பேரூராட்சிகள். அங்கே பொது சுகாதாரத் துறையின் வட்டாரச் சுகாதார ஆய்வாளரை அணுகுங்கள். சாலையின் ஒரு பக்கம் ஓர் அமைப்பு, மறுபக்கம் வேறொன்று என்ற இடங்கள் இங்கே உண்டு. சொத்து வரி ரசீது எந்த உள்ளாட்சி பெயரில் வருகிறதோ அதுவே உங்கள் எல்லை.

2012இல் கடையநல்லூரில் டெங்கு பரவி உயிர்கள் போயின. அதன் பிறகு இந்த வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளர்கள் பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது தண்ணீர் தேங்கும் இடம். மூடியில்லாத தொட்டி, கழிப்பறை சிமெண்ட் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். அதனால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்து உட்சுவரைத் தேய்க்கவேண்டும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை போகாது.

பிறகு குடிநீர். ஆய்வாளருக்கும் பள்ளிக் காவலருக்கும் நடக்கும் உரையாடல் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

“அண்ணாச்சி, தொட்டி கழுவி எத்தன நாளாச்சு?”

“போன வாரந்தான் சார் கழுவினோம்.”

“எழுதி வச்சிருக்கீங்களா?”

இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் தொட்டியிலேயே பெயிண்டால் கட்டம் போட்டு, சுத்தம் செய்த நாள், அடுத்து செய்யவேண்டிய நாள் என்று எழுதவேண்டும். பதிவேட்டிலும் அதே தேதி இருக்கவேண்டும்.

அடுத்து அவர் பையிலிருந்து குளோரோஸ்கோப்பை எடுப்பார். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். அந்த நிறத்தைப் பக்கத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்வார். குறைந்தது 0.2 பி.பி.எம். தெரியவேண்டும். அவர் சோதிப்பது தொட்டியில் இல்லை, தொட்டிக்கு எட்டாத் தூரத்தில் உள்ள கடைசிக் குழாயில். தொட்டியில் நல்ல மஞ்சள் காட்டும் தண்ணீர், பாசி பிடித்த குழாய் வழியாக வந்து கடைசியில் நிறமே காட்டாமல் போகும். அப்படியானால் மருந்தைக் கூட்டாதீர்கள், குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

நமது பள்ளியின் 2,000 லிட்டர்த் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கமான கணக்கில் 8 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு சிறு வாளியில் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்கவேண்டும். பவுடர் மூட்டையை வாய் கட்டாமல் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் சில வாரங்களில் கட்டிதட்டிப் போகும். மூக்கில் ஏறும் காரநெடி இல்லாத பவுடரில் குளோரின் போய்விட்டது என்று அர்த்தம். அதில் 8 கிராம் போட்டாலும் 80 கிராம் போட்டாலும் கடைசிக் குழாயில் மஞ்சள் வராது. சிறு டப்பாக்களாக வாங்கி, மூடி இறுக்கி, வாங்கிய மாதத்தை மேலே எழுதிவையுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனியா, உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, கைகழுவ சோப்பு இருக்கிறதா என்பதையும் பார்ப்பார். நீங்கள் பார்க்கவேண்டிய நேரம் காலை பதினொன்று, இடைவேளை முடிந்த பிறகு. காலை எட்டு மணிக்கு எல்லாக் கழிப்பறையும் சுத்தமாகத்தான் இருக்கும்.

தாசில்தார் அலுவலகமும் கோப்பும்

படிவம் டி உரிமத்துக்குத் தாசில்தார் அலுவலகம் போகும்போது மற்ற மூன்று சான்றுகளையும் கையில் வைத்திருப்பதே நல்லது. கேட்கப்படும் இடங்களில் அலைச்சல் மிச்சமாகும். மேலகரமும் குற்றாலமும் தென்காசி வட்டத்துக்குள் வருகின்றன. செங்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்த வட்டத்தின் அலுவலகம்.

கோப்பை நான்கு உறையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் தாளாக அந்த உள்ளபடி வரைபடத்தின் நகல் இருக்கட்டும். பின்னால் இடத்தின் பத்திரம் அல்லது பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, நடப்பு அங்கீகார ஆணை. குத்தகை இடம் என்றால் ஒப்பந்தம் அங்கீகாரக் காலம் முடியும்வரை செல்லுபடியாகவேண்டும். இடையில் முடிந்துவிடும் ஒப்பந்தத்தோடு போனால் அங்கேயே நின்றுவிடும். பத்திரத்தில் ஒரு சர்வே எண், வரி ரசீதில் வேறொன்று, வரைபடத்தில் உட்பிரிவுக்கு முந்தைய எண் என்று இருப்பதும் அடிக்கடி பார்ப்பது. உட்பிரிவு ஆனதற்கான தாளையும் சேர்த்து வைத்துவிட்டால் யாரும் கேட்டுத் தாமதிக்க வேண்டியதில்லை. பள்ளியின் பெயர், அறக்கட்டளையின் பெயர், தாளாளரின் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒருவர் படிக்க இன்னொருவர் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளிப் பேருந்து இந்த நான்கில் சேராது. 2012இல் சென்னையை அடுத்த சேலையூரில் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு வந்த தனி விதிகளின்படி, பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், காவல், வருவாய், கல்வித் துறையினர் சேர்ந்து பார்ப்பார்கள். அதற்குத் தனிக் கோப்பு போதும்.

ஆய்வு நாளும் அதன் பிறகும்

அலுவலரோடு சுற்றிவர ஒருவரை மட்டும் அனுப்புங்கள். எல்லாச் சாவிகளும் அவர் கையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு அறையும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு கதவு திறக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே அன்றைய கேள்வியாகிவிடும். தேர்வு நாளில் ஆய்வு வேண்டாம் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். குழந்தைகள் இருக்கும்போது பள்ளி எப்படி இருக்கிறது என்பதுதான் பார்க்கவேண்டியது.

அலுவலர் வாய்மொழியாகச் சொல்லும் குறையையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பார்வையாளர் பதிவேட்டில் அவர் எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. பிறகு குறைபாட்டுக் கடிதம் வந்தால் அவர்கள் போட்ட வரிசை எண்ணிலேயே பதில் எழுதுங்கள். குறை 3 என்றால் பதில் 3, அதன் கீழே முன்பு எடுத்த படமும் சரிசெய்த பிறகு எடுத்த படமும். செய்ய முடியாததை ‘விரைவில் செய்யப்படும்’ என்று எழுதாமல், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

கட்டணம் எதுவானாலும் ரசீதுள்ள கட்டணம் மட்டுமே. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் சட்டம் அவரைக் காக்கும். வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகிற பள்ளியில் இந்தப் பேச்சுக்கே இடம் குறைவு.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் தாளாளர் ஒருவருக்கேனும் நமது மேலகரப் பள்ளியைப் போலத் தகரக் கூரை அறையில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கலாம். சான்றுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் திங்கட்கிழமையே அந்தக் குழந்தைகளைப் பிரதானக் கட்டடத்துக்கு மாற்றிவிடுங்கள்.